"16 வரை லீவ்"னா, 16-ம் தேதி வருவாரா, மாட்டாரா?

அடையாறில் இருக்கும் என் பெரியம்மா, பேரனின் கல்விக் கடனுக்காக ஒரு சான்றிதழில் ஆடிட்டரின் கையெழுத்துக்குக் காத்திருந்தார். பொங்கல் நேரம். தி.நகரில் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு மெயில் அனுப்பியதும் தானாகவே ஒரு பதில் வந்தது. '16 வரை விடுப்பு.' மொத்தமே அவ்வளவுதான். 16-ம் தேதி வந்துவிடுவார் என்று பெரியம்மா புரிந்துகொண்டார். ஆட்டோ பிடித்துப் போனார். கதவில் பூட்டு.

16-ம் தேதியும் விடுப்புதான் என்பது எழுதியவருக்குத் தெரியும். அடுத்து சனி, ஞாயிறு வருவதும் தெரியும். படிப்பவருக்கு எப்படித் தெரியும்? தமிழில் 'வரை' என்ற சொல் அந்த நாளையும் சேர்த்துக்கொள்ளும், சில சமயம் வாசலிலேயே விட்டும்விடும். நமக்கு மெயில் அனுப்புகிறவருக்கு நம் விடுப்பு முடியும் நாள் எதற்கு? நாம் நாற்காலியில் வந்து உட்காரும் நாள்தான் அவருக்கு வேண்டும். அதைக் கிழமையோடு எழுதிவிட்டால், காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடும் வேலை அவருக்கு இல்லை. மாதத்தையும் எழுத்தில் எழுதுங்கள். 3/4 என்றால் மயிலாப்பூரில் ஏப்ரல் 3. அமெரிக்காவில் இருக்கும் மயிலாப்பூர்க்காரருக்கு மார்ச் 4!

அடுத்து, வணக்கம். இந்தப் பதில் யாருக்குப் போகும் என்று எழுதும்போது நமக்கே தெரியாது. எங்கள் டெஸ்க்குக்கு மயிலாப்பூர் மாடவீதியில் கோலம் போடும் பாட்டியும் எழுதுவார், கல்லூரி மாணவரும் எழுதுவார். 'அன்புள்ள ஐயா' என்றால் பாட்டிக்குப் பொருந்தாது. 'காலை வணக்கம்' என்பது ராத்திரி 11 மணிக்கும் போய் விழும். 'ஹாய்' மாணவருக்கு சரி, புகார் எழுதியவருக்குக் கோபம் வரும். வெறும் 'வணக்கம்' போதும். வயது, ஆண், பெண், பொழுது எதையும் அது கேட்பதில்லை. இவ்வளவு வசதியான சொல் கையில் இருக்கும்போது, நேரடியாக 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்று ஆரம்பிப்பது கதவை முகத்தில் சாத்துவது மாதிரி இருக்கிறது.

2026 பொங்கலையே எடுத்துக்கொள்வோம். ஜனவரி 14 புதன் போகி, 15 பொங்கல். அடுத்த இரண்டு நாளும் அரசு விடுமுறை, 18 ஞாயிறு. புதன் முதல் விடுப்பு எடுப்பவர் இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் மின்னஞ்சல் வந்து சேர்ந்தது, நன்றி. நான் பொங்கல் விடுப்பில் இருக்கிறேன். 2026 ஜனவரி 19, திங்கட்கிழமை காலை பணிக்குத் திரும்புகிறேன். உங்களுக்கான பதிலை அதன் பிறகு அனுப்புவேன். அதற்கு முன் அவசரம் என்றால் எங்கள் டெஸ்க் முகவரிக்கு எழுதுங்கள்."

முகவரியைக் கீழே கொடுத்துவிடுங்கள். அந்த மெயிலைப் பார்க்கப்போகிறவரிடம் முன்பே சொல்லிவிடுவதும் முக்கியம். அவரும் திருநெல்வேலி பஸ்ஸில் இருந்தால் என்ன பயன்? 'குடும்பத்தோடு ஊருக்குப் போகிறேன்' என்றெல்லாம் எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவருக்கும் போகிற பதில் இது. வீடு பூட்டியிருக்கிறது என்று நாமே தண்டோரா போடுவானேன்?

தலைப்பில் 'விடுப்பு: ஜனவரி 19 திரும்புகிறேன்' என்று போட்டால், மெயிலைத் திறக்காமல் நோட்டிஃபிகேஷனில் பார்ப்பவருக்கும் விஷயம் போய்விடும்.

ஜிமெயில் ஆப்பில் மூன்று கோடுகளைத் தொட்டு, `Settings` போய், உங்கள் கணக்கைத் தேர்ந்தெடுத்தால் `Vacation responder` இருக்கும். அதில் `First day` ஜனவரி 14, `Last day` ஜனவரி 18. இங்கேதான் பலர் குழம்புவார்கள். `Last day` என்பது தானியங்கிப் பதில் போகும் கடைசி நாள், நீங்கள் திரும்பும் நாள் இல்லை. அன்று இரவு 11.59-க்கு அதுவே நின்றுவிடும். அதில் 19 என்று போட்டால், திங்கட்கிழமை நீங்கள் வேலையில் உட்கார்ந்திருக்கும்போதும் 'விடுப்பில் இருக்கிறேன்' என்று போய்க்கொண்டிருக்கும். காலியாக விட்டால், நீங்களாக அணைக்கும்வரை நிற்காது. மாசி மாதத்திலும் சிலரிடமிருந்து பொங்கல் விடுப்பு பதில் வருவது இதனால்தான்.

தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பு என்றும் ஒரு வசதி அங்கேயே உண்டு. நண்பர்களோடு மட்டும் மெயில் பேசுகிறவர்களுக்கு அது நல்லது. புதியவர்கள் எழுதும் வேலை என்றால் அதைத் தொடாதீர்கள். அவர்களுக்குத்தான் இந்தப் பதில் அதிகம் தேவை.

இன்னொன்று. ஒரே ஆள் ஒரே நாளில் பத்து மெயில் அனுப்பினாலும் ஜிமெயில் ஒரு தடவைதான் இந்தப் பதிலை அனுப்பும். நான்கு நாள் கழித்து அவர் மறுபடி எழுதினால் மறுபடி போகும். ஆக, அவர் அதை முதல் தடவை படிக்கும்போதே தேதி கண்ணில் பட வேண்டும். எழுதியதை நடுவில் திருத்தினால் இந்தக் கணக்கு புதிதாக ஆரம்பிக்கும். அதனால் ஊரில் போய் விடுப்பை இரண்டு நாள் நீட்டிக்கிறவர்கள், போனிலேயே தேதியையும் கிழமையையும் மாற்றிவிடலாம். ஏற்கெனவே பதில் பெற்றவர் திரும்ப எழுதினால் புதுத் தேதி அவருக்குப் போய்விடும். கூடவே `Last day`-யையும் இரண்டு நாள் தள்ளிவைத்துவிடுங்கள்.