முதல் டீ

காசிமேட்டில் நான் டீ குடிக்கிற கடைக்காரரின் மகன் சென்ற மாதம் ஒரு தாளை நீட்டினான். "சார், கடைக்கு ஒரு ரீல்ஸ் போடப்போறோம். முப்பது செகண்டு. நீங்க எழுதுற ஆளாச்சே, பஞ்ச் லைன் கொஞ்சம் பாத்துக் குடுங்க." முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுகிறவனிடம் கேட்டுவிட்டான். தாளில் இருந்தவை: 'வட சென்னையின் வெறித்தனமான டீ', 'இதைக் குடிக்காம செத்துடாதீங்க'.

டீயை எடுத்துவிட்டு பிரியாணியை வைத்தாலும் இந்த வரிகள் அசையாமல் நிற்கும். அப்படியென்றால் இவை இந்தக் கடையைப் பற்றியவை அல்ல. புதுக்கவிதையில் நாம் பலமுறை கண்ட நோய்தான். எந்தக் கவிதைக்கும் பொருந்துகிற படிமம் எந்தக் கவிதைக்கும் சொந்தமில்லை. ரீலில் இதன் விளைவு உடனே தெரிந்துவிடும். பார்ப்பவனின் கட்டைவிரல் கண்ணாடிமேல் தயாராக இருக்கிறது. இரண்டு மூன்று நொடிகளுக்குள் தள்ளிவிடுவான். முதல் வரி அவனிடம் ஒரு கேள்வியை உண்டாக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிற காட்சி பதில் சொல்லவும் வேண்டும்.

"வரி இங்க இல்ல தம்பி, கடையிலதான் இருக்கணும்" என்று சொல்லி, மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் போனேன். பதினோரு வருஷமாகக் குடிக்கிறேன். அந்த நேரத்துக்குப் போனதில்லை. ஷட்டர் பாதி ஏறியிருந்தது. பாய்லர் இரைந்துகொண்டிருந்தது. மாஸ்டர் துணிப்பையில் தூளைப் போட்டு, பாய்லர் குழாயிலிருந்து கொதிநீர் பிடித்து அதில் ஊற்றினார். இறங்கிய சாயத்தை மறுபடி தூள்மேலேயே விட்டார். நிறம் கறுத்ததும் பால், சர்க்கரை, ஒரு ஆற்று. அந்தக் கிளாஸை யாருக்கும் தரவில்லை. சாலை விளிம்புக்குப் போய் மண்ணில் சாய்த்துவிட்டு வந்தார். பல டீக்கடைகளில் உள்ள வழக்கம்தான். வரி கிடைத்துவிட்டது: 'இங்கே முதல் டீ யாருக்கும் கிடையாது.'

பையன் துள்ளினான். ஆனால் போனை எடுப்பதற்குள் டீ மண்ணில் இறங்கியிருந்தது. "மாஸ்டர், இன்னொரு தபா ஊத்துண்ணா, எடுத்துக்கறேன்."

மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல ஊத்துனாதான் ஊத்துறது. ரெண்டாவது ஊத்துனா அது கொட்டுறது."

1895இல் லூமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியேறுவதைப் படம் பிடித்தார்கள். ஏறக்குறைய ஐம்பது நொடி. ரீலின் பாட்டனார் என்று சொல்லலாம். அதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. அதாவது வேலை முடிந்து வீடு திரும்புவதையும் திரும்பத் திரும்ப நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மாஸ்டர் அதற்கு உடன்படவில்லை. ஒரு நாள் காத்திருந்தோம்.

அந்த ஒரு நாளில் எழுதியது இது. முதல் மூன்று நொடி: இருட்டு, சாலை விளிம்பு, கிளாஸைச் சாய்க்கும் கை, மேலே அந்த வரி. அடுத்த பத்து நொடி எழுத்தே இல்லை. குழாய், துணிப்பை, இறங்கும் சாயம், பாய்லரின் இரைச்சல் மட்டும். கண் பார்ப்பதையே எழுத்தும் சொன்னால் இரண்டும் சாகும். பிறகு ஐஸ் வண்டிக்காரரின் கை கிளாஸை வாங்குகிறது: 'ரெண்டாவது டீ இவருக்கு.' பிறகு வலைக்காரர்கள், கூடைக்காரப் பெண்கள், ஒரு டிரெய்லர் டிரைவர், வேகமாக, எழுத்தில்லாமல். கடைசியில் கழுவிய காலிக் கிளாஸ் பலகையில் வந்து உட்கார்கிறது. ரீல் முடிந்ததும் தானே மறுபடி தொடங்கும். காலிக் கிளாஸிலிருந்து சாய்க்கிற கிளாஸுக்குப் போவது உறுத்தாது. எழுத்தைத் திரையின் அடியில் வைக்கக் கூடாது என்பது பையன் சொல்லித் தெரிந்தது. அங்கே கணக்கின் பெயரும் குறிப்பும் வந்து மறைத்துவிடுமாம்.

குறிப்பில் முதலில் கொஞ்சம்தான் தெரியும், மீதியைத் தொட்டுத் திறக்க வேண்டும். ஆகவே இடமும் நேரமும் முன்னால்: 'காசிமேடு, காலை 3.10. கடை திறந்ததும் மாஸ்டர் முதல் டீயை ரோட்டுக்குக் கொடுத்துவிடுவார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். உங்கள் தெருக் கடையில் இது உண்டா?' பையன் 'வெறித்தனம்' என்ற சொல்லை எங்காவது செருகப் பார்த்தான். விடவில்லை.

மறுநாள் எடுத்தோம். முதலில் பாய்லருக்கு மிக அருகே பிடித்ததில் ஆவி படிந்து லென்ஸ் மங்கியது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றான். மாஸ்டர் டீயைச் சாய்த்த நொடியில் சரியாக ஒரு டிரெய்லர் ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. டீ மண்ணில் விழுகிற சத்தம் போய்விட்டது. இன்னொரு தபா என்று பையன் இம்முறை கேட்கவில்லை. ஹார்னோடேயே வைத்துக்கொண்டோம்.

கூட்டம் குறைந்ததும் மாஸ்டரிடம் போட்டுக் காட்டினான். கையைத் துடைத்துக்கொண்டு முழுவதும் பார்த்தார்.

"பால் காயறத எடுக்கவே இல்லியேப்பா" என்றார்.

எடுக்கவில்லைதான்.