ஒரே குப்பியில் வைத்த நொதி

அந்த ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் முதலில் வந்தது மீன் வாசம். திருவனந்தபுரத்தில் மீன் வாசம் புதிதல்ல. தம்பானூரில் இறங்கி நடந்துவரும் வழியிலேயே இரண்டு கூடைகளைக் கடந்திருந்தேன். ஆனால் வெள்ளை ஓடு பதித்த மேசைக்கும் கண்ணாடிக் குடுவைகளுக்கும் நடுவே அது வேறு மாதிரி இருந்தது. பலகைமேல் ஒரு சூரை மீன் கிடந்தது. விடியற்காலையில் விழிஞம் துறைமுகத்தில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து ஸ்கூட்டரில் கொண்டுவந்தது. மார்த்தாண்டம் பக்கத்து ஆய்வு மாணவி ஒருவர் அதன் வெளிர்நிறச் சதையைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார்.

நொதி பிரித்தெடுப்பவர்களின் கைவேலையைப் பார்ப்பதற்காகத்தான் போயிருந்தேன். பெயரும் இடமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். காரணம் பின்னால் தெரிந்தது. அந்த மாணவி ஒரு நல்ல நொதியைத் தன் கையாலேயே கெடுத்திருந்தார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை, பெயரோடு அச்சில் வருவதில்தான் தயக்கம்.

அவர் பிரித்தெடுப்பது லாக்டேட் டிஹைட்ரஜனேஸ். ஆக்சிஜன் போதாத நேரத்தில் பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றி, தசை ஓடிக்கொண்டேயிருக்க உதவும் நொதி. நெடுந்தூரம் பாய்ந்து நீந்தும் சூரையின் வெள்ளைத் தசையில் இது அபாரமான அளவில் உண்டு. சதையை அரைத்து, வடித்து, அம்மோனியம் சல்பேட்டைச் சிறுகச் சிறுகத் தூவி வேண்டாத புரதங்களை வீழ்த்தி, மிஞ்சியதை நீலச் சாயம் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாய் வழியே விடுகிறார். சாயத்தை இந்த நொதி பிடித்துக்கொள்ளும். பிறகு என்ஏடிஹெச் கலந்த கரைசலை ஊற்றினால் பிடியை விட்டு இறங்கி வரும். மூன்று நாள் வேலை. கடைசியில் கிடைப்பது 2 மில்லிலிட்டர் தெளிந்த நீர், மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம் புரதம்.

சென்ற ஆண்டு அந்த 2 மில்லிலிட்டரை அவர் ஒரே குப்பியில் ஊற்றி மைனஸ் 20 டிகிரி பெட்டியில் வைத்தார். சோடியம் பாஸ்பேட் பஃபர், கொஞ்சம் சாதா உப்பு, அமிலகாரக் குறி 7. மேற்குத் தொடர்ச்சி மலைச் செடி ஒன்றின் இலைச்சாறு இந்த நொதியைத் தடுக்கிறதா என்பது அவருடைய கேள்வி. நாளுக்கு ஓர் அளவு என்று ஏழு நாள் திட்டம். குப்பியை எடுப்பார், உருகவிடுவார், 10 மைக்ரோலிட்டர் உறிஞ்சுவார், மீதியைத் திரும்பப் பெட்டிக்குள் வைப்பார். அடுத்த நாள் சாற்றின் அளவைக் கூட்டுவார்.

அளக்கும் முறை எளிது. என்ஏடிஹெச் 340 நானோமீட்டர் ஒளியை விழுங்கும். நொதி வேலை செய்யச் செய்ய அது குறைந்துகொண்டே போகும். நிமிடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதே நொதியின் வேகம். அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் நாள் சாறில்லாமல் 0.249. அடுத்தடுத்த நாட்களில் 0.199, 0.160, 0.127, 0.101, 0.082, 0.065. சாறு கூடக்கூட வேகம் சரிகிறது. கோடு வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இவ்வளவு அழகான தடுப்பு வளைவு கிடைத்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அவருடைய வழிகாட்டி சந்தேகப்பட்டார். எல்லோரும் ‘டீச்சர்’ என்று அழைக்கும் பேராசிரியை அவர். வளைவைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம். “மோளே, சாறில்லாத கன்ட்ரோலை ஏழாம் நாள் போட்டாயா?”

போடவில்லை. முதல் நாள் போட்டதோடு சரி.

அன்று மாலையே, பெட்டியில் மிச்சமிருந்த நொதியைச் சாறு சேர்க்காமல் அளந்தார்கள். ஏழாம் நாள் அளவை ஒட்டிய எண்தான் வந்தது. சாறு ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முறை உறைந்து உருகும்போதும் நொதி தன் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருந்தது. 0.249-ஐ ஆறு முறை 0.8-ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.065 வரும். மூன்றாம் உறைவிலேயே பாதி போய்விட்டது. நாளும் சாற்றின் அளவும் கைகோத்துக்கொண்டு ஏறியதால், நாளின் கணக்கு சாற்றின் பெயரில் விழுந்துவிட்டது.

உடனே நொதியின்மேல் பழி போட டீச்சர் விடவில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். என்ஏடிஹெச் பழசாகிவிட்டதோ? புதிதாகக் கரைத்தார்கள், அதே எண். பைருவேட் கெட்டதோ? கடையில் வாங்கிய முயல் தசை நொதியை அதே கரைசல்களில் விட்டார்கள். அது சுறுசுறுப்பாக ஓடியது. அப்படியானால் கரைசல்களில் குற்றமில்லை. (அந்த முயல் நொதி அம்மோனியம் சல்பேட்டில் மிதக்கும் பால் போன்ற கலவையாக வருகிறது. சாதாரணக் குளிர்ப்பெட்டியில் 4 டிகிரியில் வைப்பார்கள், உறையவைக்க மாட்டார்கள். பக்கத்துத் தட்டிலேயே பாடம் இருந்திருக்கிறது.) வேறு நொதி ஏதாவது புகுந்து புரதத்தை வெட்டிவிட்டதோ? ஜெல்லில் ஓட்டினார்கள். முதல் நாள் மாதிரியும் ஏழாம் நாள் மாதிரியும் 35 கிலோடால்டனில் ஒரே பட்டையாக நின்றன. புரதம் உடையவில்லை, அளவும் குறையவில்லை. மடிப்பு மட்டும் குலைந்திருக்கிறது. குப்பியை வேகமாகச் சுழற்றியபோது அடியில் மெல்லிய வெண்படலம் ஒன்று படிந்தது. குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறங்கியிருந்தன.

குளிர் எதையும் பாதுகாக்கும் என்றுதானே நினைக்கிறோம், பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். மாணவி சிரித்தார். “குச்சி ஐஸ் சாப்பிட்டிருக்கீங்கல்ல சார்? உறிஞ்சினா கலரும் இனிப்பும் வாய்க்கு வந்துடும், கையில வெள்ளை ஐஸ்தான் மிஞ்சும்.”

அதேதான் குப்பிக்குள்ளும் நடக்கிறது. தண்ணீர் உறையும்போது பனிப்படிகம் தண்ணீரை மட்டும் சேர்த்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் வெளியே தள்ளுகிறது. படிகங்களுக்கு இடையிலுள்ள ஒடுக்கமான நீர்ச்சந்துகளில் உப்பும் நொதியும் நெருக்கப்படுகின்றன. சாதா உப்புக் கரைசல் முழுதாக உறைய மைனஸ் 21 டிகிரி வேண்டும். அவருடைய பெட்டி மைனஸ் 20. அதாவது, கல்லாக உறைந்ததுபோல் தெரிந்த குப்பிக்குள் நாற்பது ஐம்பது மடங்கு கெட்டியான உப்புநீர் இரவெல்லாம் திரவமாகவே இருந்திருக்கிறது, நொதியும் அதிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது.

உப்பைவிட மோசமான எதிரி பஃபர்தான். சோடியம் பாஸ்பேட்டில் இரண்டு உப்புகள் சேர்ந்துதான் அமிலகாரக் குறியை 7-இல் நிறுத்துகின்றன. குளிரில் அவற்றில் ஒன்றான டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகிக் கழன்றுகொள்கிறது. மிஞ்சுவது அமிலப் பக்கத்து உப்பு. குறி 4-க்கு அருகே சரிந்துவிடும். இது 1950-களிலிருந்தே அளந்து எழுதிவைக்கப்பட்ட சங்கதி. பொட்டாசியம் பாஸ்பேட் இப்படிச் செய்வதில்லை.

எனக்காக டீச்சர் ஒரு வேடிக்கை காட்டினார். நான் போவதற்கு முந்தின நாளே இரண்டு குழாய்களில் இரண்டு பஃபர்களையும் ஊற்றி, அமிலத்துக்கு நிறம் மாறும் சாயத்தைச் சொட்டவைத்திருந்தார். ஊற்றும்போது இரண்டும் பச்சை. நான் போன அன்று பெட்டியிலிருந்து எடுத்தபோது பொட்டாசியக் குழாய் பச்சையாகவே உறைந்திருந்தது; சோடியக் குழாய் ஆரஞ்சுக் கட்டி. உள்ளங்கையில் வைத்திருக்க, அது கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பச்சைக்கே திரும்பியது. உருகிய பிறகு மீட்டரை நனைத்துப் பார்ப்பவருக்கு எப்போதும் 7 என்றுதான் தெரியும். குற்றம் நடந்த இடத்தில் தடயமே இருக்காது.

இந்த நொதிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. நான்கு துண்டுகள் சேர்ந்தால்தான் இது வேலை செய்யும். உறைவு அந்த நான்கையும் பிரித்துவிடும். 1963-இல் கிளெமென்ட் மார்க்கர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையே கருவியாக்கினார். இதயத்தில் மிகுந்த வகையையும் தசையில் மிகுந்த வகையையும் உப்புக் கரைசலில் கலந்து உறையவைத்து உருக்கினார். பிரிந்த துண்டுகள் மாறி மாறிச் சேர்ந்து ஐந்து கலவைகளாயின, அதுவும் 1:4:6:4:1 என்ற விகிதத்தில். நாணயம் நான்கைச் சுண்டினால் வருமே, அதே கணக்கு. நொதி நான்கு துண்டால் ஆனது என்பதற்கு அது சான்றாயிற்று. மார்க்கர்ட்டுக்குக் கண்டுபிடிப்பைத் தந்ததுதான் மார்த்தாண்டத்துப் பெண்ணுக்கு ஏழு நாள் நஷ்டம்.

பிறகு அவர் புது மீன் வாங்கி, புது நொதி எடுத்து, அதை ஐந்து பாகமாக்கினார். ஒன்று ஐஸ்மேல், உறையவேயில்லை. ஒன்று ஒரே ஒருமுறை உறைந்து ஏழாம் நாள் திறக்கப்பட்டது. ஒன்று பழைய பஃபரிலேயே ஆறு முறை உறைந்து உருகியது. ஒன்று பொட்டாசியம் பாஸ்பேட்டில் ஆறு முறை. கடைசிப் பாகம் சரிபாதி கிளிசரால் கலந்தது. அது மைனஸ் 20-இல் உறையாமல் தேன்போல் கிடக்கும். கடைகளில் விற்கும் டிஎன்ஏ வெட்டும் நொதிகள் அப்படித்தான் வருகின்றன. ஒரே முறை உறைந்தது பெரும்பகுதி வேகத்தைக் காப்பாற்றியிருந்தது. அதனால் கெடுத்தது ஏழு நாள் காலம் அல்ல, உறைவின் எண்ணிக்கை. கிளிசரால் குப்பியில் இழப்பு சொல்லும்படி இல்லை. பொட்டாசியத்தில் இழப்பு குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பனிப்படிகத்தின் முகத்திலேயே புரதம் ஒட்டிக் குலைவதும் உண்டு. புரதம் எவ்வளவு நீர்த்திருக்கிறதோ, அந்தச் சேதம் அவ்வளவு பெரிதாகத் தெரியும். 0.2 மில்லிகிராம் என்பது இதற்கு நீர்த்த கரைசல்தான்.

அப்படியானால் எல்லோரும் கிளிசராலில் வைக்கலாமே? சோதனைக் கலவைக்குள் அதுவும் கூடவே வரும். பிசுபிசுப்பால் பிப்பெட் முனையில் ஒட்டி அளவைப் பொய்யாக்கும். எல்லா நொதிக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. திரவ நைட்ரஜனில் முக்கி நொடியில் உறையவைப்பதுகூட இருபக்கக் கத்திதான். உப்பு நெருக்குவதற்கு அவகாசம் இருக்காது, ஆனால் படிகங்கள் பொடியாகி அவற்றின் முகப்பரப்பு பெருகும். முழுவதையும் உறையவைப்பதற்கு முன் ஒரு சிறு பங்கை உறையவைத்து உருக்கி அளந்து பார்ப்பதே வழி என்றார் டீச்சர்.

நான் போன நாளில், முந்தைய மீனிலிருந்து எடுத்த நொதி கடைசிப் படியில் இருந்தது. நொதியை மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமாகக் கெட்டியாக்கி, பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கு மாற்றி, பத்தில் ஒரு பங்கு கிளிசரால் சேர்த்து, 50 மைக்ரோலிட்டர் வீதம் நாற்பது குட்டிக் குழாய்களில் பிரித்திருந்தார்கள். திரவ நைட்ரஜன் உருளையைத் தள்ளிக்கொண்டு வந்த உதவியாளர் சேட்டன் மூடியைத் திறந்ததும் வெண்புகை மேசைமேல் வழிந்தது. குழாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய், வெளியே வந்து, எண்ணிட்ட அட்டைப்பெட்டியில் ஏறி, மைனஸ் 80 பெட்டிக்குப் போயின.

இலைச்சாற்றை மறுபடியும் பார்த்துவிட்டாரா என்று கேட்டேன். இதற்கு முந்தைய தொகுதியிலேயே பார்த்துவிட்டாராம். ஒவ்வொரு அளவுக்கும் புதுக் குழாய், ஒவ்வொரு நாளும் கன்ட்ரோல். அதிகபட்ச அளவில்கூடப் பத்தில் ஒரு பங்கு தடுப்புக்குமேல் தேறவில்லை. ஆய்வேட்டில் அத்தியாயம் ஒன்று குறைகிறது. “பரவாயில்ல சார், பொய்யான அத்தியாயம்தானே” என்றார், கொஞ்ச நேரம் கழித்து.

மதியம் 14-ஆம் எண் குழாயை எடுத்து ஐஸில் உருக்கினார். 10 மைக்ரோலிட்டர் உறிஞ்சி, ஒளிமானிக்குள் விட்டு, திரையில் கோடு சரிவதைப் பார்த்தார். குழாயில் இன்னும் 40 மைக்ரோலிட்டர் இருந்தது. அதை மூடி, குப்பைத்தொட்டியில் போட்டார்.

“இவ்வளவு மீன் வாங்கி இப்படியா?” என்று சேட்டன் மலையாளத்தில் முணுமுணுத்தார்.