ஸ்கேன் படத்தில் கறுப்பு என்றால் என்ன?

வயிற்று ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து, படத்தில் உள்ள கறுப்புத் திட்டைக் காட்டி, "இது கான்சரோ?" என்று எங்களிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. எதிரொலி மட்டும் எங்கள் விஞ்ஞானப் பாடம். அந்தளவில் எழுதுகிறோம்.

அந்தக் கருவி உடம்புக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைப் படமாக்குகிறது. இரண்டு வேறுபட்ட பொருட்கள் சந்திக்கும் எல்லையில்தான் ஒலி திரும்பும். ஈரலுக்குள் கலங்கள், நார்கள், குழாய்கள் என்று எண்ணற்ற சின்ன எல்லைகள் இருப்பதால் அது சாம்பல் நிறமாகத் தெரிகிறது. தெளிந்த நீருக்குள் எல்லையே இல்லை. எதுவும் திரும்பாத இடம் கறுப்பு, அவ்வளவுதான். நிறைந்த சலப்பையும், குழந்தையைச் சுற்றியுள்ள பனிக்குட நீரும் அதனால்தான் கறுப்பு.

எங்கள் சாச்சி ஒருவரின் ரிப்போர்ட்டில் இடது சிறுநீரகத்தில் 23 மில்லிமீற்றர் 'சிம்பிள் சிஸ்ட்' என்று இருந்தது. படத்தில் உருண்டையான கறுப்பு, மெல்லிய விளிம்பு. அதற்கு நேர் கீழே, பக்கத்துத் தசையைவிட வெளிச்சமான ஒரு பட்டை. தசைக்குள் போகப் போக ஒலி தேயும் என்பதால், ஆழத்திலிருந்து வருவதைக் கருவி கூட்டிக் காட்டும். நீருக்குள் ஒலி அவ்வளவு தேயாது. ஆனாலும் கருவி கூட்டத்தான் செய்யும், அதனால் அந்த வெளிச்சம். உள்ளே இருப்பது தெளிந்த நீர் என்பதற்கு அது நல்ல அடையாளம். சிறுநீரகத்தில் இப்படியான சிஸ்ட் வயது போக வருவது வழமை, பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

பித்தப்பைக் கல் வேறு மாதிரி. மேலே வெள்ளை வளைவு, அதன் கீழே கறுப்பு வால். அந்தக் கறுப்பு நீரில்லை, கல் ஒலியை மறித்ததால் விழுந்த நிழல். ஆகவே கறுப்பைப் பார்த்தால் அதன் மேலும் கீழும் பார்க்க வேண்டும்.

கிளாஸ்கோவில் இயன் டொனால்ட் என்ற மகப்பேற்று வைத்தியர் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்தார். வயிற்றில் முற்றிய புற்றுநோய் என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, இருப்பது நீர் நிறைந்த கட்டி என்று ஒலி காட்டியது. சூலகக் கட்டியை வெட்டி எடுத்தார்கள், அவர் பிழைத்தார். 1958இல் 'லான்செட்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது.

ஆனால் சீழும் பழைய இரத்தமும் நீராக இருந்தும் சாம்பலாகத் தெரியலாம். சில திண்மக் கட்டிகள் கிட்டத்தட்டக் கறுப்பாகவே தெரியும். கருவியின் 'கெய்ன்' குறைந்தாலும் எல்லாம் இருண்டுவிடும். பரிசோதிப்பவர் அசையும் படத்தில் பல பக்கத்தாலும் திருப்பிப் பார்த்துத்தான் எழுதுகிறார், எங்கள் கையில் இருப்பது அதில் ஒரு துண்டு. அதனால் படத்தை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம். அடுத்த கிளினிக்கில், "இது தண்ணியோ, திண்மமோ, இரண்டும் கலந்ததோ?" என்று கேளுங்கள். பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் கொண்டு போங்கள், அளவு கூடியிருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள்.