அக்கா மகளுக்கு எழுதிய கடிதம்

கண்ணு,

லட்சம் போட்டால் மாதம் பத்தாயிரம் வட்டி தருகிறார்களாம், உன் தோழிக்கு மூன்று மாதமாக வருகிறதாம் என்று சொன்னாய். அதில் சேருமுன் மாமாவின் ஒரு கேள்விக்குப் பதில் தேடு.

பத்தாயிரம் என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். நல்ல தொழிலும் சரியான கணக்கும் இருப்பவருக்கு வங்கியே 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் கடன் கொடுக்கும். அதை விட்டுவிட்டு, பத்து மடங்கு வட்டிக்கு உன்னிடம் ஏன் வருகிறார்? கணக்கைப் பார்த்தவர் யாரும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்தக் கூடுதல் வட்டி, பணம் திரும்பாமல் போகக்கூடிய ஆபத்துக்கான விலை.

தோழிக்கு வந்த முப்பதாயிரம்? நூறு பேர் லட்சம் வீதம் போட்டால் ஒரு கோடி. மாதம் பத்து லட்சம் கொடுத்தால், எந்தத் தொழிலும் செய்யாமலே பத்து மாதம் ஓட்டலாம். அதுவரை அவளுக்கு வருவது அவள் பணமே. அதற்குமேல் ஓட, புதிதாக ஆள் சேர வேண்டும். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று இப்படிப்பட்டவர்கள் சொல்வது இதற்குத்தான்!

இப்படித்தான் ஆருத்ரா நிறுவனமும் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொன்னது. 2022-இல் போலீஸ் வழக்கு வந்தது. வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் வரை காப்பீடு உண்டு. இப்படிப்பட்டவர்களிடம் போடும் பணத்துக்கு அது கிடையாது.

பணத்தைப் போடுமுன் உன் தோழியின் ரசீதைக் காட்டு. ஞாயிறு வருகிறேன்.

மாமா