மூலையில் ஒரு வரி

சென்னையில் ஒரு செய்தி நிறுவனத்தில் விளக்க வீடியோக்களுக்கென்று தனிக் குழு இருக்கிறது. அவர்கள் ஸ்கிரிப்ட் எழுதும் விதத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அன்று மேஜையில் இருந்தது காவிரி.

ஸ்கிரிப்டில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் திரையில் தெரிய வேண்டியது, வலப்பக்கம் தொகுப்பாளர் பேச வேண்டியது. பேசும் வரிகளுக்கு நடுவே சதுர அடைப்புக்குறிக்குள் சிவப்பு எழுத்தில் குறிப்புகள். அவைதான் சரிபார்ப்பவரின் வேலை. குழுவில் எல்லாரும் அவரை அக்கா என்கிறார்கள். பிராம்ப்டருக்கு ஏற்றும் முன் சிவப்பு எழுத்து மொத்தத்தையும் நீக்கிவிட வேண்டும். அவர் முன்பு இருந்த இடத்தில் யாரோ அதை மறந்துவிட, "இதை இன்னொரு முறை பார்க்கவும்" என்பதையும் தொகுப்பாளர் கம்பீரமாக வாசித்துவிட்டாராம்.

ஸ்கிரிப்டில் முதல் சிக்கலான வரி இது: "2018 தீர்ப்பின்படி காவிரியில் தமிழகத்தின் பங்கு 177.25 டிஎம்சி." எழுதியவர் ஒரு நாளிதழிலிருந்து எடுத்திருந்தார். இன்னொரு நாளிதழில் அதே தீர்ப்புக்கு 404.25 டிஎம்சி என்று இருந்தது. எது சரி என்று கேட்டேன். "ரெண்டும் சரிதான் சார். வரிதான் தப்பு" என்றார் அக்கா.

404.25 என்பது காவிரிப் படுகை முழுவதிலும் தமிழகத்துக்கு ஒதுக்கப்பட்ட நீர். பவானி, நொய்யல் போன்ற துணையாறுகள் வழியாகக் கிடைப்பதும் அதில் அடங்கும். 177.25 என்பது கர்நாடகம் ஜூன் முதல் மே வரையிலான நீராண்டில் எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவை நிலையத்துக்கு வந்து சேரும்படி விட வேண்டிய நீர். 2007இல் நடுவர் மன்றம் இதை 192 என்று வைத்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதில் 14.75ஐக் குறைத்தது. படுகைப் பங்கும் அதே அளவு 419இலிருந்து இறங்கியது. அக்காவின் சிவப்புக் குறிப்பு இப்படி இருந்தது: "[பிலிகுண்டுலுவில் அளப்பது. 404.25 வேறு கணக்கு, கலக்காதே. தீர்ப்பைப் பார்த்தாயிற்று.]" ஓர் எண் எது என்பதோடு எது அல்ல என்பதையும் சொல்கிற குறிப்பு. என் பார்வையில் இந்த இரண்டாவது பாதிக்குத்தான் சம்பளம்.

மாதவாரி அட்டவணையையும் அவர் விடவில்லை. ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று பன்னிரண்டு மாதத்தையும் கால்குலேட்டரில் கூட்டினார். 177.25 வந்த பிறகே கிராபிக்ஸ் தம்பிக்கு அனுப்பினார். கூட்டுத்தொகை இடித்தால் ஏதோ ஒரு மாதம் 2007 அட்டவணையிலிருந்து நுழைந்திருக்கிறது என்று அர்த்தமாம். அதில் ஆகஸ்ட் 50.

அடுத்த தகராறு 2023 ஆகஸ்ட் கடைசியில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் கர்நாடகத்துக்குப் போட்ட உத்தரவு பற்றியது. ஸ்கிரிப்டில் "15 நாட்களுக்கு 5,000 கன அடி" என்று இருந்தது. "வினாடிக்கு" விடுபட்டிருந்தது. அந்தச் சொல் இல்லாமல் போனால் ஒரு ஆறு ஒரு கிணறாகச் சுருங்கிவிடும். வினாடிக்கு 5,000 கன அடி என்றால் ஒரு நாளுக்கு 43.2 கோடி கன அடி. நூறு கோடி கன அடி ஒரு டிஎம்சி. ஆக, பதினைந்து நாளில் 6.48 டிஎம்சி. ஆகஸ்ட் மாத ஒதுக்கீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் பார்ப்பவருக்கு விஷயம் உறைக்கும்.

திரையின் மூலையில் வரும் ஆதார வரியில் சண்டை பிடித்தது இங்கேதான். தம்பி 6.48க்குக் கீழே "ஆதாரம்: காவிரி நீர் மேலாண்மை ஆணையம்" என்று போட்டிருந்தார்.

"ஆணையம் 6.48னு எங்கடா சொல்லுச்சு?"

"அவங்க சொன்னதுலேர்ந்துதானேக்கா கணக்குப் போட்டோம்?"

"போட்டது நாம. தப்பா இருந்தா திட்டு அவங்களுக்கா?"

வரி மாறியது: "ஆதாரம்: ஆணைய உத்தரவு. கணக்கீடு: எங்கள் குழு." எழுத்து கூடியதால் தம்பிக்கு வரைபடத்தைச் சற்று மேலே தள்ள வேண்டியதாயிற்று. கைப்பேசியில் படிக்க முடிகிறதா என்று தன் கைப்பேசியிலேயே ஓட்டிப் பார்த்தார். எண் திரையில் இருக்கும்வரை வரியும் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி.

படத்துக்கு விதி வேறு. மேட்டூர் அணை நிரம்பி வழியும் பழைய காட்சியைத் தண்ணீர்ப் பற்றாக்குறை பேசும் இடத்தில் வைத்திருந்தார்கள். ஓரத்தில் "நன்றி" என்று படமெடுத்தவர் பெயர் இருந்தது. அது யார் எடுத்தது என்பதற்குப் பதில். எப்போது எடுத்தது என்பதற்கு இல்லை. "கோப்புக் காட்சி" என்றும் ஆண்டும் சேர்க்கச் சொன்னார் அக்கா. ஆண்டு யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. காட்சியையே தூக்கிவிட்டார்கள். "நன்றி: இணையம்" என்று போட்டுத் தப்பிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது நன்றியும் இல்லை, ஆதாரமும் இல்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. தீர்ப்பின் எந்தப் பக்கம் என்பது பார்ப்பவருக்குப் போய்ச் சேர்வதில்லை. திரையில் இடமில்லை என்கிறார்கள், சரி. வீடியோவின் கீழே உள்ள விவரப் பகுதியில் இடத்துக்கு என்ன பஞ்சம்? நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட தீர்ப்பில் பார்ப்பவர் எங்கே போய்த் தேடுவார்?

அடுத்த முறை ஒரு வீடியோவில் காவிரிக் கணக்கு வந்தால் அங்கேயே நிறுத்தி மூலையைப் பாருங்கள். எந்த ஆவணம், எந்த ஆண்டு என்று இல்லாமல் "ஊடகச் செய்திகள்" என்று மட்டும் இருந்தால், அந்த எண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பாதீர்கள்.