இடது கைப் பழக்கம்

ஸ்கூட்டி நல்லதா, கியர் மோட்டார் சைக்கிள் நல்லதா என்று இன்பொக்ஸில் கேட்கிற ரீச்சர்மார் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதாமல், மயிலிட்டியில் நாங்கள் இரண்டு பேரும் பழகின கதையை இங்கேயே எழுதிவிடுகிறோம்.

முதலில் பழகினது கியர் வண்டியில்தான். எங்களில் ஒருவரின் வீட்டில் ஒரு ஸ்பிளெண்டர் நின்றது. இருக்கிற வண்டியை விட்டுவிட்டு ஏன் காசைக் கொட்டுவான் என்று எல்லாரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சின்ன வயதிலிருந்து சைக்கிள் ஓடுகிற எங்களுக்குச் சமநிலை ஒரு பிரச்சினையே இல்லை. இரண்டாம் நாளே மூன்றாம் கியர் வரைக்கும் போனோம்.

நாலாம் நாள் ஒழுங்கை முடக்கில் ஒரு நாய் குறுக்கே வந்தது. இடது கை தன்பாட்டில் இறுக்கிப் பிடித்தது. வண்டி நிற்கவில்லை, முன்னையதை விட இலேசாக உருண்டு போய்ப் பனைமட்டை வேலியில் சாய்ந்தது. முழங்கை உரசினதோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் அப்படி நடந்தது என்று பிறகுதான் யோசித்தோம். சைக்கிளில் இடது கை பின் பிறேக். இருபது வருடமாக ஆபத்து வந்தால் அந்தக் கை இறுகும். கியர் வண்டியில் அதே இடத்தில் கிளச் இருக்கிறது. கிளச்சை மட்டும் பிடித்தால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பு விட்டுப்போகும். பின் பிறேக் வலது காலில் இருக்கிறது, பயந்த நேரத்தில் அந்தக் கால் நிலத்தைத்தான் தேடும். ஸ்கூட்டியில் இடது கையில் இருப்பது பின் பிறேக், வலது கையில் முன் பிறேக். சைக்கிளில் வந்த பழக்கம் அப்படியே உதவும். சைக்கிள் ஓடாதவருக்கு இந்த வித்தியாசம் பெரிதில்லை, எங்களுக்கு அது பெரிது.

ஆனால் ஸ்கூட்டிக்கும் ஒரு பொறி உண்டு. கியர் வண்டியில் கிளச்சைச் சடாரென விட்டால் பெரும்பாலும் எஞ்சின் நின்றுபோகும். ஸ்கூட்டி நிற்காது, முறுக்கினால் பாயும். சரியப் பார்க்கும்போது விழாமல் ஹாண்டிலை இறுக்கிப் பிடிப்போம், வலது கை அதோடு அக்சிலேற்றரையும் முறுக்கிவிடும். கால் நிலத்தில் இழுபட, வண்டி முன்னுக்குப் போகும். புதிதாகப் பழகுகிறவர்கள் மதிலில் மோதுவது கூடுதலாக இப்படித்தான்.

அதனால் இரண்டாம் முறை வேறு மாதிரித் தொடங்கினோம். முதல் நாள் எஞ்சினைப் போடவேயில்லை. இருந்தபடி இரண்டு காலாலும் தள்ளித் தள்ளி, இடது கையால் மட்டும் நிறுத்திப் பார்த்தோம். அடுத்த நாள் எஞ்சின் போட்டு, வலது மணிக்கட்டைக் கீழே தாழ்த்தி வைத்து, இடது பிறேக்கை விட்ட பிறகே மெல்ல முறுக்கினோம். நிற்பதற்கு முதலில் முறுக்கியதை முற்றாக விடவேண்டும், பிறகு இடது, அதோடு வலது இலேசாக. துறைமுகப் பக்கத்து வீதியில் கடல் மணல் படிந்திருக்கும். அதில் முன் பிறேக்கை இறுக்கினால் 10 அங்குலச் சில்லு வழுக்கும். குழிகளிலும் ஸ்பிளெண்டரின் பெரிய சில்லுக்குத்தான் பலம். அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மேட்டில் ஏற, இறக்கத்தில் வேகத்தைப் பிடிக்கக் கியர் உதவும் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் எங்கே மேடு? கண்டிக்கு மாற்றலாகிப் போகிறவர் வேண்டுமானால் அதை யோசிக்கட்டும்.

உடுப்பும் கணக்கில் வரும். அபாயாவோ சாறியோ, ஸ்பிளெண்டரில் காலைத் தூக்கிப் போட்டு இருந்தால் ஓரம் கியர் மிதிக்குப் பக்கத்தில் தொங்கும். ஸ்கூட்டியில் கால் பலகையில் இரண்டு காலையும் சேர்த்து வைக்கலாம், துணியைத் தொடைக்குக் கீழே செருகினால் சரி. பின்னுக்கு இருப்பவரின் துணியை மட்டும் ஒவ்வொரு முறையும் பாருங்கள், சில்லுக்குள் போவது அதுதான்.

லைசன்ஸில் ஒரு பிழையான எண்ணம் இருக்கிறது. A1, A என்று பிரிப்பது எஞ்சின் அளவை வைத்து, கியரை வைத்தல்ல. 100 சிசி வரை A1, அதற்கு மேல் A. ஆகவே கியருள்ள ஸ்பிளெண்டர் 97 சிசி என்பதால் A1, கியரில்லாத டியோ 109 சிசி என்பதால் A. ஸ்கூட்டி பெப் 88 சிசிக்குள் வரும். விண்ணப்பிக்க முதல் எந்த வண்டி வாங்கப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்.

பெற்றோலில் கியர் வண்டிதான் வெல்லும். இங்கிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய்வர ஏறக்குறைய 40 கிலோமீற்றர், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 200. லீற்றருக்கு 45 ஓடுகிற ஸ்கூட்டிக்கு நாலரை லீற்றர் வேண்டும், 60 ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்கு மூன்றரை போதும். 2022இல் கியூ.ஆர். முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். அந்தக் காலம் என்றால் நாங்கள் வெள்ளிக்கிழமை பஸ்ஸில்தான் போயிருப்போம்.

எங்களில் ஒருவர் இப்போது பழைய பெப் ஒன்று வாங்கிவிட்டார். மற்றவர் ஸ்பிளெண்டரையே வைத்திருக்கிறார். வளவுக்குள் சுற்றிச் சுற்றி, நாய் வந்தால் இரண்டு கையும் வலது காலும் சேர்ந்து இயங்கப் பழகிக்கொண்டிருக்கிறார். சந்திக்கு இன்னும் இறங்கவில்லை. "இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ ரீச்சர்" என்கிறார்.