மூக்குத்தியும் முகச்சவரமும்

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் என் மகளுக்கு மூக்குக் குத்தினோம். எங்கள் வீட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதில் மூக்குக் குத்துவது வழக்கம். தேக்காவில் நகைக் கடையில் குத்திவிட்டு, என் மாமியார் பல ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த ஒற்றைக்கல் மூக்குத்தியைப் போட்டார். கண்ணாடியை விட்டு நகராமல் நின்றாள் மகள்.

ஜனவரியில் பள்ளி திறந்தது. முதல் நாளே கைப்பேசி ஒலித்தது. “காதில் ஒரு ஜோடி சிறிய தோடு மட்டுமே அனுமதி. மூக்குத்தியைக் கழற்ற வேண்டும்” என்றார் ஒழுங்கைக் கவனிக்கும் ஆசிரியர்.

கழற்றுவது எளிதன்று. மூக்கில் குத்திய துளை நன்றாக ஆறுவதற்கு நான்கு மாதமாவது ஆகும். சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகலாம். அதற்குள் கழற்றினால் துளை ஒரே நாளில்கூட மூடிக்கொள்ளும். டிசம்பர் விடுமுறையோ ஆறு வாரம்தான். இதை முன்பே யோசிக்காதது என் தவறு. பள்ளிக் கையேடு அலமாரியில்தான் இருந்தது. நான் படிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் வேலை பார்ப்பது மனிதவளப் பிரிவில். எங்கள் நிறுவனத்தின் உடை விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. “விதி எல்லாருக்கும் ஒன்றுதான்” என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது அதே வாக்கியத்தைக் கேட்கும் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நேரில் போய்ப் பார்த்தபோது அந்த ஆசிரியர் கடுகடுக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். “உங்கள் மகள் போட்டிருப்பது குடும்ப வழக்கம். இன்னொரு பிள்ளை போட்டு வருவது நாகரிகத்துக்காக. காலையில் வாசலில் நின்றுகொண்டு நான் எப்படி இரண்டையும் பிரித்துப் பார்ப்பது? முதலில் சிறிய கல், அடுத்து பெரிய கல், பிறகு யாருடையது விலை கூடியது என்று பேச்சு வரும்.”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம், என் சின்ன வயது நினைவுக்கு வந்தது. நாங்கள் ஐந்து பேர், மூவறை வீடு. அக்கா போட்ட சீருடைதான் எனக்கு வரும். கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கி அம்மா தைத்துக் கொடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்த தோழி காரில் வந்து இறங்குவாள். ஆனால் வகுப்பறைக்குள் நாங்கள் இருவரும் ஒன்றுபோல்தான் இருந்தோம். சிறுவர் தினத்தில் சொந்த உடையில் வரலாம் என்று சொன்னால் மற்றவர்கள் துள்ளுவார்கள். எனக்கு முதல் நாள் இரவே வயிற்றைக் கலக்கும். இரண்டு ஆண்டுகள் ஒரே தீபாவளிச் சட்டையைப் போட்டுப் போனேன். சீருடை என்னைப் பாதுகாத்தது. அதை நான் மறுக்க முடியாது.

ஆகவே ஒரு சமரசத்துக்கு வந்தோம். ஆறும் வரை பிளாஸ்டர் ஒட்டி மறைக்க வேண்டும். பத்து நாளில் சிக்கல் வந்தது. உடற்கல்வி வகுப்பில் வியர்வை, பிளாஸ்டருக்கு அடியில் ஈரம். மூக்கின் ஓரம் சிவந்து வீங்கி, தொட்டாலே வலித்தது. மீண்டும் போய்ப் பேசினேன். பிளாஸ்டர் வேண்டாம், மே மாதம் வரை கல் இல்லாத மிகச் சிறிய மூக்குத்தி, அதற்குப் பிறகு பள்ளி நாள்களில் நிறமற்ற பிளாஸ்டிக் குச்சி என்று முடிவானது. பாட்டியின் கல் வார இறுதிக்கு மட்டும்.

இதே ஜனவரியில் என் அலுவலகத்திலும் ஒரு விண்ணப்பம் வந்தது. இயந்திரப் பாகங்களைப் பழுதுபார்க்கும் நிறுவனம் எங்களுடையது. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் ஊழியர் ஒருவர் 48 நாள் விரதத்தில் தாடி வளர்த்திருந்தார். எங்கள் விதியோ, ஆண்கள் தினமும் முகச்சவரம் செய்திருக்க வேண்டும் என்றது. மேற்பார்வையாளர் அவரைக் கண்டித்துவிட்டு விஷயத்தை என்னிடம் அனுப்பினார்.

முன்பாக இருந்தால் அந்த வரியைக் காட்டி அனுப்பியிருப்பேன். இந்த முறை, இந்த விதி ஏன் வந்தது என்று பழைய கோப்புகளைத் தேடினேன். அது சாயம் தெளிக்கும் அறைக்காக எழுதப்பட்டது. அங்கே வேலை செய்பவர்கள் அணியும் சுவாசக் கவசத்தின் ரப்பர் விளிம்பு தோலோடு ஒட்டி நிற்க வேண்டும். இடையில் தாடி இருந்தால், ஒருசில நாள் வளர்ந்த முடியாக இருந்தாலும், இடைவெளி விழும். சாய ஆவி உள்ளே கசியும். நாளடைவில் யாரோ அதே வரியை முகப்பு ஊழியர்களுக்கும் கிடங்கு ஊழியர்களுக்கும் சேர்த்துவிட்டார்கள். அங்கே அதற்குத் தோற்றத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

இந்த ஊழியர் சாய அறையைச் சேர்ந்தவர். அதனால் அங்கே விலக்குக் கொடுக்கவில்லை. அவருடைய நுரையீரல் சம்பந்தப்பட்டது. விரதம் முடியும் வரை சம்பளம் குறையாமல் கிடங்குக்கு மாற்றினோம். ஆனால் கிடங்கில் இருந்த சீன நண்பர் ஒருவர் கேட்டார்: “அவர் இங்கே தாடியோடு வரலாம், நான் மட்டும் ஏன் மழிக்க வேண்டும்?” நியாயமான கேள்விதான். சமயத்துக்காக ஒருவருக்குச் சலுகை என்றால் மற்றவருக்கு அது பாகுபாடாகத் தெரியும். காரணம் இல்லாத இடத்தில் விதியையே எடுத்துவிட்டால் யாரும் தன் நம்பிக்கையை விளக்கி அனுமதி கேட்க வேண்டியதில்லை. இப்போது கிடங்கிலும் முகப்பிலும் சீராக வெட்டிய தாடி யாருக்கும் பரவாயில்லை.

இங்கே விதிகள் மாறாதவை அல்ல. பொது மருத்துவமனைகளில் முஸ்லிம் தாதியர் சீருடையோடு தூடோங் அணியலாம் என்று 2021 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் அறிவித்தார். நவம்பர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. பள்ளிச் சீருடையில் அப்போது மாற்றம் செய்யப்படவில்லை. பள்ளிகளில் சீருடை பிள்ளைகளின் வேற்றுமைகளைக் குறைக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இரண்டையும் மகளிடம் சொன்னேன். கிடங்கில் விதியை விரித்தால் யாருக்கும் நட்டமில்லை. பள்ளியில் விரித்தால் கல்லின் விலை வகுப்பறைக்குள் வரும் என்றேன். சீருடைக் கதையையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “விலை புரியுதும்மா. அதனாலதான் பாட்டி கல்லைக் கழற்றிட்டேன். ஆனா கல்லே இல்லாத சின்னப் பொட்டு மாதிரி ஒண்ணு மூக்குல இருந்தா, அதுல என்ன விலை இருக்கு? காதுல போட்டா சரி, மூக்குல போட்டா ஏன் மறைக்கணும்?”

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. காதுத் தோட்டுக்கு இடம் கொடுத்த விதி, மூக்குத்திக்கு இடம் கொடுக்காததற்கு, அதை எழுதியவர்களின் வீட்டில் மூக்குத்தி இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் அதை அந்த ஆசிரியரிடமே கேட்கப் போகிறேன். கேள்வியை மகளே எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஆங்கிலத்தில், நான்கே வரியில்.

அலுவலகத்தில் எங்கள் உடை விதிப் பட்டியலில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது. ஒவ்வொரு விதிக்கும் நேரே அது ஏன் என்று எழுத வேண்டும். பன்னிரண்டு விதிகளில் மூன்றுக்கு அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.